அமுக்கரா தொடங்கும் முன்: டப்பா, பில், ரத்தப் பரிசோதனை

குறுவை அறுப்பு முடிந்த கையோடு அப்பா ரொம்பவே தளர்ந்துபோயிருந்தார். வயது அறுபத்தொன்று. ராத்திரி தூக்கம் இல்லை, காலையில் எழுந்தால் உடம்பு அசதி. மன்னார்குடியிலிருந்து சற்றுத் தள்ளி எங்கள் ஊர். நான் போனில் பார்த்து, அசுவகந்தா என்றும் சொல்லப்படும் அமுக்கராவின் கேப்சூலை வரவழைத்துக் கொடுத்தேன். அதே வாரம் அப்பா கோயில் திருவிழாக் கடையில் ஒரு ‘சக்தி லேகியம்’ வாங்கிவந்தார். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டார்.

ஐந்தாவது வாரம் உடம்பெல்லாம் அரிப்பு. நாற்றங்காலில் இறங்கியதால் சேற்று அரிப்பு என்று நினைத்தோம். அடுத்து மூத்திரம் கட்டன் காப்பி நிறத்தில் போனது. கண் மஞ்சளானது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லி ஒரு வாரம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கேப்சூலும் லேகியமும் அப்போதும் நிற்கவில்லை. ஏழாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் ரத்தத்தில் 9.4. அது 1.2-க்குள் இருக்க வேண்டியது.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: “தம்பி, என்னென்ன சாப்பிட்டாங்க? டப்பா எங்க?”

கேப்சூல் டப்பாவில் அம்மா கடுகு போட்டு வைத்திருந்தார், லேபிளை உரித்துவிட்டு. லேகியத்துக்கு லேபிளே கிடையாது. அப்பா என்ன சாப்பிட்டார் என்று கண்டுபிடிக்கவே நான்கு நாள் அலைந்தேன். நீங்கள் அப்படி அலையக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அமுக்கரா சாப்பிடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சாப்பிடுவதானால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

1. எதற்காகச் சாப்பிடப் போகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஒரு வரி போதும். ‘தூக்கம் வரவில்லை’, ‘படபடப்பு’, ‘உடம்பில் தெம்பு இல்லை’ என்று எதுவோ அதை எழுதுங்கள். மூன்றுக்கும் கிடைத்திருக்கும் ஆதாரம் ஒரே அளவில் இல்லை என்பதால்தான் இதைப் பிரிக்கச் சொல்கிறேன்.

மனஅழுத்தத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 2012-இல் ஹைதராபாத்தில் 64 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு அமுக்கரா வேர்ச்சாறு 300 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 60 நாள். மற்றவர்களுக்கு வெறும் மாவு கேப்சூல். அமுக்கரா சாப்பிட்டவர்களுக்கு அழுத்த மதிப்பெண்ணும், ரத்தத்தில் கார்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பும் கூடுதலாகக் குறைந்தன. பிறகு வந்த ஆய்வுகள் பலவும் இதே திசையைக் காட்டுகின்றன. ஆனால் பெரும்பாலும் சின்ன ஆய்வுகள், எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தோடு முடிந்தவை. தூக்கத்துக்கும் பலன் தெரிகிறது, அது சிறிய பலன்.

‘பலம்’ என்பதற்கான ஆதாரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அதிகம் மேற்கோள் காட்டப்படும் 2015 ஆய்வில் இருந்தவர்கள் 57 இளைஞர்கள், எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி செய்தவர்கள். அவர்களுக்குத் தசை கூடியது என்பதை வைத்து, நாள் முழுக்க வயலில் நின்று களைத்த அறுபது வயதுக்காரருக்கும் அப்படியே கூடும் என்று சொல்ல முடியாது. அந்த வயதில் அசதி என்றால் முதலில் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்ப்பதுதான் முறை. அப்பாவுக்குப் பின்னால் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.8. அசதிக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருந்திருக்கிறது.

2. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைப் பட்டியலிடுங்கள்

அதே நோட்டில் அடுத்த பக்கம். மாத்திரை அட்டையைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். ‘சுகர் மாத்திரை, வெள்ளை’ என்று எழுதுவது உதவாது.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் அமுக்கரா தொடங்கக் கூடாது. அது தைராய்டு சுரப்பை உயர்த்தக் கூடியது. ஏற்கெனவே மாத்திரையும் போய்க்கொண்டிருந்தால் அளவு மிஞ்சி நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை இறக்கம் வரலாம். இந்தப் படபடப்பையும் மனஅழுத்தம் என்று நினைத்து அமுக்கராவைக் கூட்டுகிறவர்கள் உண்டு.

சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையோ பிரஷரோ தேவைக்கு மேல் இறங்கலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். விடியற்காலை இருட்டில் மோட்டார் போடப் போகிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வேண்டாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். கேரள கல்லீரல் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட நோயாளிகளின் விவரங்களில், ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தவர்களில் சிலர் இதைச் சாப்பிட்டபின் இறந்திருக்கிறார்கள். தினமும் குடிக்கிறவர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டதை மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. ரத்தப் பரிசோதனை: சாப்பிடும் முன்பே

இதை யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை. எல்.எஃப்.டி. என்னும் கல்லீரல் பரிசோதனை, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹீமோகுளோபின். பின்னால் எடுத்தபோது மன்னார்குடியில் தனியார் லேபில் நான்கும் சேர்த்து எனக்கு எழுநூறு ரூபாய் சொச்சம் ஆனது. காலையில் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட். அரசு மருத்துவமனையில் பணம் கிடையாது, ஆனால் காலை எட்டு மணிக்கே போய்ச் சீட்டுப் போட வேண்டும்.

முன்பே எடுத்த ரிப்போர்ட் ஒன்று இருந்தால்தான், பின்னால் ஏதாவது ஏறும்போது அது புதிதாக ஏறியதா, பழையதா என்று டாக்டரால் சொல்ல முடியும். எங்களிடம் இல்லாததால் அந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதில் இல்லாமல் போயிற்று.

4. எந்த வடிவம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். ‘அமுக்கரா’ என்ற ஒரே பெயரில் நம் ஊரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன.

முதலாவது, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெறும் கிழங்கு அல்லது கிழங்குப் பொடி. சித்த முறையில் இதைப் பாலில் பிட்டவியல் செய்து, அதாவது பால் ஆவியில் பிட்டுப்போல அவித்து, உலர்த்தித்தான் சேர்ப்பார்கள். கடைப் பொடியில் அந்தச் சுத்தி நடந்ததா என்பது தெரியாது.

இரண்டாவது, அமுக்கரா சூரணம். இது தனி அமுக்கரா இல்லை. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரட்டிப்பாகச் சேரும். மொத்தம் 255 பங்கு. அதாவது சூரணத்தில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. காலை மாலை இரண்டு கிராம் சாப்பிட்டால் நாளுக்கு நான்கு கிராம். அதில் அமுக்கரா வேர் ஒரு கிராம், சர்க்கரை இரண்டு கிராம். இந்த இரண்டு கிராம் சர்க்கரை சர்க்கரை நோயாளியைக் கவிழ்த்துவிடாது. அதைக் கலக்கும் பாலில் போடும் பனங்கற்கண்டுதான் கணக்கில் வராமல் போகிறது. இன்னொன்று, மிளகும் திப்பிலியும் சில ஆங்கில மருந்துகளை உடம்பு கூடுதலாக உறிஞ்சும்படி செய்யும். வலிப்புக்கு பெனிடாயின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

மூன்றாவது, கேப்சூலில் வரும் வேர்ச்சாறு. இது வேரைச் செறிவாக்கி எடுத்தது. என் அப்பா சாப்பிட்டதில் 600 மில்லிகிராம், அதில் விதனோலைடு என்னும் வேலை செய்யும் சத்து நூற்றுக்கு ஐந்து என்று போட்டிருந்தது. அப்படியானால் நாளுக்கு 30 மில்லிகிராம். சாதாரண வேர்ப்பொடியில் இந்தச் சத்து பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சூரணத்தில் கிடைக்கும் ஒரு கிராம் வேரில் பத்து மில்லிகிராமைத் தாண்டாது. கேப்சூல் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ‘எங்க தாத்தா காலத்துலேர்ந்து சாப்பிடுறோம், ஒண்ணும் ஆனதில்ல’ என்பார்கள். தாத்தா சாப்பிட்டது இந்தச் செறிவு இல்லை. ஆய்வுகளில் பலன் தெரிந்தது பெரும்பாலும் இந்தச் செறிவான சாற்றில்தான், கல்லீரல் பாதிப்பாகப் பதிவானவற்றிலும் இது நிறைய இருக்கிறது.

5. லேபிளைப் படியுங்கள், போட்டோ எடுங்கள், பில் வாங்குங்கள்

சித்த மருந்தாக விற்றால் உற்பத்தி உரிம எண், தொகுப்பு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரிப்பாளர் முகவரி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். உணவுச் சத்துப் பொருளாக விற்றால் மருந்து உரிமத்துக்குப் பதில் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். இரண்டில் ஒன்றுகூட இல்லாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சேர்மானத்தில் வேர் என்று இருக்கிறதா, இலையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

லேபிள் இல்லாத லேகியம், ‘உடல் தேற்றும்’ பொடி ஆகியவற்றில் எனக்கு இருக்கும் பயம் மூலிகையைப் பற்றியதே இல்லை. இப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும், ‘ஆண்மை’ என்று விற்பவற்றில் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் மருந்து கலந்திருப்பதும் பல முறை பிடிபட்டிருக்கின்றன. ஸ்டீராய்டுக்கு அடையாளம் சொல்கிறேன்: இரண்டே வாரத்தில் பசி எகிறும், முகம் உப்பும், மூட்டுவலி மாயமாய்ப் போகும், சர்க்கரை ஏறும். மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்யாது. மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு இந்த அடையாளம் தெரிந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்குப் போகும். டப்பாவோடு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர் சில்டெனாஃபில் கலந்ததைச் சாப்பிட்டால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

வாங்கியதும் டப்பாவின் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிடுங்கள். பில்லை நோட்டில் ஒட்டுங்கள். டப்பா காலியான பின்னும் மூன்று மாதம் எறிய வேண்டாம்.

6. முதலில் அரசு சித்தா பிரிவு

ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும், தாலுகா, மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் சித்தா பிரிவு இருக்கிறது. நோட்டையும் ரிப்போர்ட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அமுக்கரா உங்களுக்குப் பொருந்தும் என்று சித்த மருத்துவர் கருதினால் சூரணமோ மாத்திரையோ அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். பெரும்பாலும் தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் தயாரித்துக் கொடுப்பது அது, தொகுப்பு எண்ணோடு வரும். கேப்சூலுக்கு நான் கொடுத்தது அறுநூற்றைம்பது ரூபாய். இங்கே செலவு பஸ் கட்டணமும் அரை நாளும்தான். ஆனால் கட்டாயம் கேளுங்கள்: எத்தனை கிராம், எத்தனை நாள், எப்போது நிறுத்துவது.

7. ஒன்றை மட்டும், முதலில் எட்டு வாரம் மட்டும்

எங்கள் வீட்டில் நடந்த பெரிய தவறு இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியது. கேப்சூலா, லேகியமா என்று டாக்டரால் கடைசிவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். தொடங்கிய தேதியை எழுதுங்கள். நான்காவது வாரம் ஒரு முறை, எட்டாவது வாரம் ஒரு முறை எல்.எஃப்.டி. எடுங்கள். எட்டு வாரத்தில் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய வரி மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மாறியிருந்தாலும் மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம். ஆய்வுகள் பார்த்திருக்கும் கால அளவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

‘தெம்புக்கு’ என்று பக்கத்திலேயே விற்கும் மற்றவற்றுக்கும் இதே விதி. பூனைக்காலி விதையில் நடுக்கவாத நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மருந்தே இயற்கையாக இருக்கிறது. அந்த நோய்க்கோ மனநோய்க்கோ மாத்திரை சாப்பிடுபவர் தொடக் கூடாது. அதிமதுரம் நாள்பட்டால் பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும். சீந்தில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததும் கொரோனா காலத்தில் இந்தியாவில் பதிவாகியிருக்கிறது. லேகியம் எதுவானாலும் ஒரு கரண்டியில் பெரும்பகுதி வெல்லமோ சர்க்கரையோதான்.

8. இந்த அறிகுறி வந்தால் அன்றே நிறுத்துங்கள்

காரணமில்லாத அரிப்பு, குறிப்பாக உள்ளங்கை, உள்ளங்காலில். கருத்த மூத்திரம். வெளுத்த மலம். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். கண்ணில் மஞ்சள். அமுக்கராவால் வரும் கல்லீரல் பாதிப்பு பெரும்பாலும் தொடங்கிய இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தெரிகிறது. அரிப்பு முன்னால் வரும், மஞ்சள் பின்னால் வரும். நம் பக்கத்தில் அரிப்பு என்றால் சேறு, மஞ்சள் என்றால் கீழாநெல்லி என்று கை தானாகப் போகிறது. கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. ஆனால் காமாலை எதனால் வந்தது என்று தெரியாமல் இன்னொரு மூலிகையைச் சேர்த்தால் நாள்தான் போகும். எங்களுக்கு ஒரு வாரம் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மற்ற காரணங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கான ஏ, பி, சி, ஈ பரிசோதனை, பித்தப்பைக் கல்லுக்காக வயிற்று ஸ்கேன், வயலில் இறங்குகிறவர் என்பதால் எலிக்காய்ச்சல் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. தனியாரில் எடுத்ததால் ஐயாயிரத்துக்கு மேல் போனது. மஞ்சளோடு தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், வயிறு உப்பல், ரத்தக் கசிவு இவற்றில் ஒன்று வந்தாலும் லேபுக்குப் போய் நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழைத்துத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போய்விடுங்கள்.

இரண்டையும் நிறுத்தியபின் அப்பாவுக்கு அரிப்பு அடங்க ஒரு மாதமும், பிலிருபின் 1.1-க்கு வரப் பத்து வாரமும் ஆயிற்று. இப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்று முதல் ஐந்து மாதத்தில் தேறிவிடுகிறார்கள். தேறியபின் ‘கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம்’ என்று மறுபடி தொடங்கவே கூடாது. இரண்டாம் முறை இன்னும் கடுமையாக வரலாம்.

9. புகார் பதிவு செய்யுங்கள்

சித்த, ஆயுர்வேத மருந்தால் ஏற்பட்ட பாதிப்பைப் பதிய ஆயுஷ் அமைச்சகத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. ayushsuraksha.com தளத்தில் படிவம் கிடைக்கும். தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அந்தத் திட்டத்தின் மையங்களில் ஒன்று. மருந்தின் மேல் சந்தேகம் இருந்தாலே போதும், நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. லேபிள் இல்லாத பொருளை விற்பவரைப் பற்றி மாவட்ட சித்த மருத்துவ அலுவலருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

படிவத்துக்குத் தேவைப்பட்டவை இவைதான்: நோயாளியின் வயது, மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுப்பு எண், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, அறிகுறி வந்த தேதி, கூடச் சாப்பிட்ட மாத்திரைகள், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். கேப்சூலின் தொகுப்பு எண்ணை, வாங்கிய ஆர்டரைத் தேடி விற்பனையாளருக்கு மூன்று முறை எழுதித்தான் வாங்க முடிந்தது. லேகியத்துக்கான கட்டத்தில் ‘லேபிள் இல்லை, திருவிழாக் கடை’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.